யாழ் நகருக்குள் மீற்றர் ஓட்டோ: 2 வருட அனுபவம்

அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லவும், கொழும்பிலிருந்து வரும் தொடருந்தில் இறங்கி வீடு சேரவும் கடந்த 2 வருடங்களாக வழக்கமாக ஒரே ஓட்டோவில்தான் பயணம் செய்கிறேன். அதன் மீற்றரில் முதல் கிலோமீற்றருக்கு 120 ரூபாய், அதற்குப் பிறகு ஒவ்வொரு 100 மீற்றரும் ஓடி முடிய 10 ரூபாய் கூடும். நிறுத்திக் காத்திருந்தால் முதல் 5 நிமிடங்களுக்குக் கட்டணம் இல்லை, பின்னர் நிமிடத்துக்கு 5 ரூபாய். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை மொத்தத் தொகையில் 15 சதவீதம் மேலதிகம். இவை அந்த வண்டியில் ஒட்டியிருக்கும் விலைகள்; வேறு வண்டியில் ஏறினால் அங்கே ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நீண்ட தூரப் பயணத்தில் தொகையைத் தீர்மானிப்பது தூரம். நகருக்குள் ஓடும் குறுகிய பயணத்தில் அப்படியல்ல, நாம் வண்டியை எங்கே, எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம் என்பதே பெரிய விடயம் என்று நான் உணர்ந்தது ஓர் இரவில். தொடருந்து தாமதமாகி வந்ததால் 10.20 அளவில் நிலையத்திலிருந்து ஏறி, வைத்தியசாலைக்கு அருகிலுள்ள மருந்துக்கடையில் நிறுத்தி, அங்கிருந்து வண்ணார்பண்ணையிலுள்ள வீட்டுக்குச் சென்றேன். கடை வரை 1.2 கிலோமீற்றர், கடையிலிருந்து வீடு வரை இன்னொரு 1.2. மருந்துக்கடையில் நின்றவர்கள் பலர் என்பதால் 16 நிமிடங்கள் பிடித்தன.

ஓட்டத்துக்கு மட்டும் 120 உடன் 140 சேர்ந்து 260 ரூபாய். காத்திருப்பில் இலவசமான 5 நிமிடங்கள் போக 11 நிமிடங்களுக்கு 55 ரூபாய். ஆக 315, அதற்கு மேல் இரவுக்கான 15 சதவீதம் சேர மீற்றர் 362 ரூபாய் காட்டியது. கடை வாசலிலேயே மீற்றரை நிறுத்திப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மருந்து வாங்கியபின் புதிதாக ஓர் ஓட்டோவில் ஏறியிருந்தால், 140 வீதம் இரண்டு பயணத்துக்கு 280 ரூபாய், இரவு விலையில் 322. குறைந்தபட்சக் கட்டணத்தை இரண்டு தடவை கொடுத்தும் 40 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

காரணம் எளிது. பயணத்தை இரண்டாகப் பிரித்தால் கூடுவது 20 ரூபாய்தான், அது 4 நிமிடக் காத்திருப்புக்குச் சமம். ஆகவே இந்த விலைகளில், 9 நிமிடத்துக்கு மேல் வேலை இருக்குமானால் வண்டியை அனுப்பிவிடுவது மலிவு. ஆனால் இரவு 11 மணியை நெருங்கும் நேரத்தில் வேறு வண்டி கிடைக்குமா என்பது வேறு கேள்வி. கையில் பையும் வீட்டில் நோயாளியும் இருக்கும்போது அந்த 40 ரூபாயைக் காத்திருந்தவருக்குக் கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. அந்த 16 நிமிடங்களும் வேறு சவாரி எடுக்காமல் நின்றவருக்குக் கிடைத்தது 55 ரூபாயும் அதன் இரவு மேலதிகமுமே.

இரவு விலை சரியாக விழுகிறதா என்பதை இறங்கும்போது பார்ப்பதைவிட ஏறும்போது பார்ப்பது நல்லது. இந்த மீற்றரில் பகலில் முதல் எண் 120, இரவில் 138. ஒருமுறை வேறொரு வண்டியில் இரவு 8.40 மணிக்கு, ஏறிய உடனேயே இரவு விலை எரிந்தது. சாரதியிடம், "அண்ணை, இன்னும் ஒன்பது மணிகூட ஆகேல்லை, இரவுக் கணக்கு விழுது" என்றேன். அவர் மீற்றரின் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "பற்றறி மாத்தினதிலயிருந்து நேரம் பிழையாக் கிடக்குது, தம்பி" என்று சொல்லி, பகல் கணக்கிலேயே பணம் வாங்கினார். அவர் ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. மீற்றர் தனக்குள் இருக்கும் மணிக்கூட்டை மட்டுமே நம்புகிறது.

தூரம் கூடிக் காட்டுகிறது என்று சந்தேகிப்பவர்கள் ரயரைக் குறை சொல்வார்கள். சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் மீற்றர் தூரத்தைக் கணிக்கிறது என்பதால், தேய்ந்த ரயர் சற்றுக் கூடுதலாகச் சுற்றி எண்ணிக்கையைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் சுமார் 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சக்கரத்தில் ரயர் 5 மில்லிமீற்றர் தேய்ந்தாலும் வித்தியாசம் 2.5 சதவீதம் அளவே, 2.4 கிலோமீற்றரில் அது 60 மீற்றர், அதாவது ஒரு 10 ரூபாய்க்குள். நான் கைபேசி வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதைவிடப் பெரிய வித்தியாசம் தொடர்ந்து வந்த வண்டியில் மீண்டும் ஏறவில்லை. நல்லூர்த் திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும்போது தூரம் கூடுவதை மாத்திரம் மீற்றரின் பிழையாக எடுக்க வேண்டாம்.