வார்ஃபரினை நிறுத்தும் நாட்களில் ஹெப்பாரின் ஊசி வேண்டுமா? இரு வழிகளின் ஒப்பீடு

ரத்தம் உறைந்து கட்டுவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைச் சாப்பிட்டு வரும் ஒருவருக்கு அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. மாத்திரையை எப்போது நிறுத்துவது என்ற முதல் கேள்விக்கு விடை ஏறக்குறைய முடிவாகிவிட்டது: ஐந்து நாட்களுக்கு முன். மாத்திரை இல்லாத நாட்களை, உறைவை விரைவாகத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியால் நிரப்புவதா, வெறுமனே விட்டுவிடுவதா என்பதே இரண்டாவது கேள்வி. மருத்துவமனையில் 'பிரிட்ஜிங்' என்று சொல்லப்படும் ஊசி வழியையும், ஊசியின்றி நிறுத்தும் வழியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கண்புரை அறுவை, ஒரு பல்லைப் பிடுங்குவது போன்ற சிறிய சிகிச்சைகளுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். உரிய அளவில் இருந்தால், மாத்திரையைப் பொதுவாக நிறுத்துவதே இல்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வார்ஃபரின் ரத்தத்தில் நேரடியாக வேலை செய்வதில்லை. வைட்டமின் கே துணையோடு கல்லீரல் உருவாக்கும் உறைதல் காரணிகளின் உற்பத்தியைக் குறைக்கிறது. எனவே மாத்திரையை நிறுத்தினால், புதிய காரணிகள் உருவாகிச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். மீண்டும் தொடங்கினாலும், பழைய காரணிகள் தீரும்வரை பலன் வராது. இறங்க ஐந்து நாள், ஏற ஐந்து நாளோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், நடுவில் காப்பு குறைந்த சில நாட்கள் தவிர்க்க முடியாமல் வருகின்றன. நம் ஊரில் பரவலாக எழுதப்படும், இதே வகை மாத்திரையான அசெனோகூமரால் இதைவிட விரைவில் உடலை விட்டு நீங்குவதால், அதை இரண்டு மூன்று நாட்களுக்கு முன் நிறுத்தினாலே போதும். மாத்திரையின் பெயரைப் பார்க்காமல் எல்லோருக்கும் 'ஐந்து நாள்' என்று சீட்டில் எழுதுவது, காப்பில்லாத நாட்களைத் தேவையின்றிக் கூட்டுவதாகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வயது 68, எடை 60 கிலோ, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இதயத்துடிப்புக்காக வார்ஃபரின் எடுக்கிறார். முன்பு பக்கவாதம் வந்ததில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை குடலிறக்க அறுவை. முந்தைய செவ்வாய் இரவு கடைசி மாத்திரை. புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாட்கள் இல்லை. ஞாயிறன்று ஐ.என்.ஆர். பார்க்கிறோம், 1.3 என்று வருகிறது, 1.5-க்குக் கீழே இருப்பதால் அறுவைக்குத் தடையில்லை. இதுவரை இரண்டு வழியும் ஒன்றுதான்.

ஊசியில்லாத வழியில் வேறொன்றும் செய்வதற்கில்லை. திங்கள் மாலையே, ரத்தக்கசிவு இல்லையென்றால், வழக்கமான அளவில் வார்ஃபரின் தொடங்குகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். 2-ஐத் தொடுகிறது. ஊசி வழியிலோ, வெள்ளி காலை முதல் ஹெப்பாரின் வகை ஊசியான எனாக்ஸபாரின் 60 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வயிற்றின் தோலடியில் போடப்படுகிறது. கடைசி ஊசி ஞாயிறு காலை. அதன்பின் அறுவைக்கு 24 மணி நேர இடைவெளி கட்டாயம். ஞாயிறு இரவு ஊசியை யாராவது பழக்கத்தில் போட்டுவிட்டால், மறுநாள் காலை முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடுவதற்கே தயங்க வேண்டியிருக்கும், ஏனெனில் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டினால் கால்கள் செயலிழக்கலாம். அறுவைக்குப் பின் செவ்வாய் அன்று ஊசி மீண்டும் தொடங்கி, ஐ.என்.ஆர். 2 வரும்வரை வார்ஃபரினோடு சேர்ந்தே ஓடும். இதுவே பெரிய வயிற்று அறுவையாக இருந்தால் 48 முதல் 72 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

இந்த மனிதருக்கு எந்த வழி மேல்? 2015-இல் வெளியான பிரிட்ஜ் ஆய்வு இவரைப் போன்ற 1,884 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அதே வகையைச் சேர்ந்த டால்டெபாரின் ஊசியும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத ஊசியும் கொடுத்துப் பார்த்தது. பக்கவாதம் முதலான ரத்த உறைவு விபத்து, ஊசி போட்டவர்களில் ஆயிரத்துக்கு 3 பேருக்கும் போடாதவர்களில் 4 பேருக்கும் வந்தது. அதாவது வித்தியாசம் இல்லை. கடும் ரத்தக்கசிவோ, போட்டவர்களில் ஆயிரத்துக்கு 32, போடாதவர்களில் 13. ஆகவே என் தீர்ப்பு தெளிவானது: இவருக்கு ஊசி வேண்டாம்.

மயக்கவியல் மருத்துவராக இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஏறக்குறைய இதே நிலையில் இருந்த ஒருவருக்கு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று நாங்கள் ஊசியைத் தொடர்ந்தோம். மூன்றாம் நாள் காலை தொடை இடுக்கில் காயத்துக்குக் கீழே முட்டையளவு வீக்கம் இறுகி நின்றது, தோல் கருநீலமாகி விதைப்பைவரை இறங்கியிருந்தது, ஹீமோகுளோபின் 12.4-இலிருந்து 9.1-க்கு விழுந்திருந்தது. மீண்டும் அரங்குக்கு எடுத்துச் சென்று கட்டிய ரத்தத்தை வெளியேற்றினோம். அதன்பின் ஊசியையும் வார்ஃபரினையும் ஒன்பது நாட்களுக்கு நிறுத்த வேண்டியதாயிற்று. இடைவெளியை அடைக்கப் போட்ட ஊசியே அந்த இடைவெளியை இரு மடங்காக்கிவிட்டது. இருபுறமும் சமமாகத் தூக்கிப் பார்க்கும் தராசாக இதை எண்ணுவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: கசிவு ஏற்பட்டவர் அதற்குப் பின் உறைவுக்கும் ஆளாகும் நாட்களில் நிற்கிறார்.

ஆனால் இந்தத் தீர்ப்பை எல்லோருக்கும் நீட்ட முடியாது. பிரிட்ஜ் ஆய்வில் உலோக இதய வால்வு பொருத்தியவர்களும், அண்மையில் பக்கவாதம் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை. ருமாட்டிக் காய்ச்சலால் இளவயதிலேயே மைட்ரல் வால்வு கெட்டு, உலோக வால்வோடு வாழ்பவர்கள் நம்மிடையே நிறைய. மைட்ரல் இடத்தில் ரத்தம் மெதுவாக நகர்வதால், அயோர்ட்டிக் இடத்தைவிட அங்கே கட்டி படியும் வாய்ப்பு அதிகம்; வால்வின் தகடு அசையாமல் நின்றுவிட்டால் சில மணி நேரங்களில் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறலும், வழக்கமாகக் கேட்கும் 'டிக்' ஒலி மங்குவதும் அதன் அறிகுறிகள். மைட்ரல் உலோக வால்வோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர், கடந்த மூன்று மாதங்களுக்குள் பக்கவாதமோ நுரையீரல் உறைவோ வந்தவர் ஆகியோருக்கு நான் ஊசி வழியையே தேர்கிறேன். முடிந்தால் அறுவையையே மூன்று மாதம் தள்ளிவைப்பது இவ்விரண்டாம் வகையினருக்கு இன்னும் நல்லது.

அப்படித் தேர்ந்தாலும், அறுவைக்கு முந்தைய ஊசியையும் பிந்தைய ஊசியையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முந்தையது 24 மணி நேரத்துக்கு முன் நின்றுவிடுவதால் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. புதிய காயத்தின்மேல் முழு அளவில் விழும் பிந்தையதுதான் அஞ்சத்தக்கது. எனவே உலோக வால்வு உள்ளவருக்கும் முதல் இரண்டு நாட்கள் குறைந்த அளவில், எனாக்ஸபாரின் 40 மில்லிகிராம் நாளுக்கு ஒரு முறை கொடுத்து, வடிகுழாயில் வருவது வெளிறிய பிறகு முழு அளவுக்கு ஏறுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சிறுநீரகம் கெட்டவருக்கு எனாக்ஸபாரின் உடலில் தேங்கும் என்பதால், அவரை மருத்துவமனையில் சேர்த்துச் சாதாரண ஹெப்பாரினை ரத்த நாளம் வழியே செலுத்தி, அறுவைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்துகிறோம்.

அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் எடுப்போருக்கு இந்த ஒப்பீடே எழுவதில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால், கசிவு குறைவான அறுவைக்கு ஒரு நாளும் அதிகமானதற்கு இரண்டு நாளும் முன்னதாக நிறுத்தினால் அவை நீங்கிவிடும். மீண்டும் விழுங்கிய சில மணி நேரத்தில் முழு பலன் வந்துவிடும். அவற்றுக்கும் ஹெப்பாரின் எழுதிய சீட்டுகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறேன்.