வரி உள்ளே இருக்கட்டுமா, வெளியே நிற்கட்டுமா?

ஆன்லைனில் நோட்டுப் புத்தகம் விற்கிற சின்னக் கடை என்னுடையது. வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் ஓடுகிறது. வரி அமைப்பைத் திறந்ததும் முதலில் வரும் கேள்வி `Prices entered with tax`. வரி சேர்த்த விலையைப் பதியப்போகிறீர்களா, வரி சேர்க்காத விலையையா என்று கேட்கிறது. முதல் ஆண்டு வரி சேர்க்காமல் ஓட்டினேன். பிறகு மாறினேன், இப்போது வரி சேர்த்த விலைதான். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாயும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். வரி சேர்த்த விலை என்றால் பொருள் பக்கத்தில் பார்த்த எண்ணையே வாங்குபவர் கட்டுகிறார். வரி சேர்க்காத விலை பார்க்கக் குறைவாகத் தெரியும், செக்அவுட்டில் ஏறும். சில நாடுகளில் பொதுமக்களுக்குக் காட்டும் விலையில் வரி சேர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வேறு சில இடங்களில் வரியைக் கடைசியில் சேர்ப்பதுதான் வழக்கம். உங்கள் ஊர்ச் சட்டம் ஒன்றைக் கட்டாயமாக்கியிருந்தால் தேர்வே கிடையாது, மேலே படிக்க வேண்டியதில்லை.

தேர்வு இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். வகுத்தால் மீதி விழும் அந்த 0.01 எங்கே போய் நிற்கிறது என்பது. சிரிக்க வேண்டாம், என் மாத இறுதிகளைத் தின்றது அதுதான்.

ஒரு நோட்டின் விலை வரியோடு 99, வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 99-ஐ 1.18-ஆல் வகுத்தால் 83.8983 வருகிறது. வரி சேர்க்காத முறையில் நான் 83.90 என்று பதிந்திருந்தேன். ஒரு நோட்டு வாங்கினால் வரி 15.10, மொத்தம் 99.00. அழகு. மூன்று வாங்கினால் 251.70, வரி 45.31, மொத்தம் 297.01. பத்து வாங்கினால் 990.02. மூன்று நோட்டு எப்படி 297.01 ஆகும் என்று ஒருவர் கேட்டு எழுதினார். ஒரு காசுக்காக அவர் சண்டை போடவில்லை, கடைக்குக் கணக்குத் தெரியுமா என்று சந்தேகப்பட்டார். நியாயமான சந்தேகம்தான்.

இதற்கு மருந்து உண்டு. விலையை 83.90 என்று போடாமல் நான்கு தசம இடத்தோடு 83.8983 என்று பதிந்தால் மூன்று நோட்டு சரியாக 297.00-க்கு வந்து நிற்கும். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் கால்குலேட்டரைத் தட்ட வேண்டும். 99-ஐ 105 ஆக்கினால் மறுபடி தட்ட வேண்டும். இருபது பொருளுக்கு மேல் போனதும் எங்கேயாவது ஒன்றில் இரண்டு தசமம் மட்டும் போட்டுவிடுவோம், அது எது என்று தெரியாது.

வரி சேர்த்த முறையில் 99 என்று மட்டும் பதிகிறேன். மூன்றுக்கு 297.00, அது அசையாது. மென்பொருள் அதைப் பின்னோக்கிப் பிரித்து 251.69 அடிப்படைத் தொகை, 45.31 வரி என்று வைக்கிறது. அப்படியானால் அந்த 0.01 காணாமல் போய்விட்டதா? இல்லை, இன்வாய்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இன்வாய்ஸில் ஒரு நோட்டின் வரியில்லாத விலை 83.90, எண்ணிக்கை 3, தொகை 251.69 என்று அச்சானால், பெருக்கிப் பார்ப்பவருக்கு 251.70 வரும். வாங்குபவருக்குக் கவலையில்லை, அவர் கணக்காளர் கேட்பார்.

ஆக, இரண்டு முறையிலும் உதிரி ஒன்று இருக்கிறது. வரி சேர்க்காத முறையில் அது வாங்குபவர் கட்டும் தொகையில் உட்காருகிறது. வரி சேர்த்த முறையில் இன்வாய்ஸின் ஒரு பத்தியில் உட்காருகிறது. முதலாவதை நான் பொருள் பொருளாகத் துரத்த வேண்டும். இரண்டாவதை இன்வாய்ஸ் வார்ப்புருவில் ஒரே ஒரு தடவை சரிசெய்தால் போதும். அதனால்தான் மாறினேன்.

சரிசெய்த விதம் இது. பொருள் வரிசையில் வரியில்லாத ஒற்றை விலையைக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். வரியோடு 99, எண்ணிக்கை 3, தொகை 297.00 என்று மட்டும் இருக்கும். வரி விவரம் முழுக்கக் கீழே, விகித வாரியாக: 18 சதவீதத்துக்கு உட்பட்ட தொகை 251.69, வரி 45.31, மொத்தம் 297.00. எந்தத் திசையில் கூட்டினாலும் ஒத்துப்போகும். ஒரு எச்சரிக்கை: வரியில்லாத ஒற்றை விலையும் இன்வாய்ஸில் இருந்தே ஆக வேண்டும் என்று சில நாடுகளில் விதி உண்டு. அங்கே அந்த ஒரு எண்ணை மட்டும் நான்கு தசமத்தில் காட்டுவதே வழி.

விலையைப் பதிவது ஒரு அமைப்பு, காட்டுவது வேறு அமைப்பு என்பதையும் கவனிக்க வேண்டும். `Display prices in the shop`, `Display prices during cart and checkout` இரண்டும் தனித்தனி. மாறிய புதிதில் முதலாவதை மட்டும் வரியோடு என்று மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டேன். பொருள் பக்கத்தில் 99, கார்ட்டில் 83.90, அடியில் வரி, மறுபடி 99. ஒரே பொருளுக்கு இரண்டு விலை காட்டும் கடையை யார் நம்புவார்கள்? இரண்டையும் ஒரே பக்கம் வைத்ததும் கார்ட்டில் 297.00 என்று வந்து, பக்கத்தில் சிறிய எழுத்தில் அதில் அடங்கிய வரி தெரிகிறது.

இனி ஷிப்பிங். வரி சேர்த்த முறைக்கு மாறியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பொருள் விலையை வரியோடு பதிகிறோம் என்பதால் ஷிப்பிங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவோம். இல்லை. நிலையான ஷிப்பிங் கட்டணத்தை எப்போதும் வரி இல்லாமல்தான் பதிய வேண்டும். நான் 100 என்று போட்டேன், செக்அவுட்டில் 118 வந்தது. பிறகு 84.75 போட்டேன். அதற்கு வரி 15.255, அது 15.26 ஆகி 100.01 வந்தது. விட்ட இடத்திலேயே அதே காசு! இங்கே மட்டும் பழைய மருந்தைக் குடித்தேன்: 84.7458. கடையில் மொத்தமே மூன்று ஷிப்பிங் கட்டணம் என்பதால் இந்தக் கால்குலேட்டர் வேலை பொறுக்கும்.

ஷிப்பிங்குக்கு எந்த வரி விகிதம் என்பது தனிக் கேள்வி. `Shipping tax class based on cart items` என்று வைத்தால் கார்ட்டில் உள்ள பொருளின் விகிதம் ஷிப்பிங்குக்கும் வரும். கார்ட்டில் இரண்டு விகிதப் பொருள்கள் இருந்தால் ஷிப்பிங்கை விகிதாசாரமாக அது பிரிக்காது. பொது விகிதப் பொருள் ஒன்று இருந்தாலே முழு ஷிப்பிங்குக்கும் பொது விகிதம்தான். உங்கள் சட்டம் பிரிக்கச் சொல்கிறதா என்பதைக் கணக்காளரிடம் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். என் கடையில் எல்லாம் ஒரே விகிதம், அதனால் அந்தச் சிக்கலை நேரில் அனுபவித்ததில்லை.

வரி சேர்த்த முறையின் உண்மையான பலவீனம் வேறு வரிப் பகுதிக்கு அனுப்பும்போது தெரியும். கடையின் விகிதம் 18, வாங்குபவர் பகுதியில் 12 என்றால், மென்பொருள் 99-இலிருந்து 18 சதவீதத்தைக் கழற்றிவிட்டு 12 சதவீதத்தைச் சேர்க்கும். 99 என்று பார்த்தவர் முகவரியை அடித்ததும் 93.97 என்று மாறும். குறைந்தால் மகிழ்வார். விகிதம் அதிகமான பகுதியில் இருப்பவருக்கு ஏறும்போது அப்படி இருக்காது. எங்கிருந்து வாங்கினாலும் 99 என்றே நிற்க வேண்டுமானால் இந்தச் சின்னக் கோட் துணுக்கு போதும்:

```php
add_filter( 'woocommerce_adjust_non_base_location_prices', '__return_false' );
```

அப்போது விகித வித்தியாசம் உங்கள் லாபத்தில் கூடும் அல்லது குறையும். வெளிப்பகுதி ஆர்டர் எனக்கு மிகக் குறைவு, அதனால் இதைப் போட்டு நிம்மதியாக இருக்கிறேன். பாதி விற்பனை வெளியே போகிற கடைக்கு இதையே சொல்ல எனக்குத் துணிவில்லை. வரி விகிதம் மாறும்போதும் இதே கதைதான். 18 நாளை 20 ஆனால் 99 அப்படியே நிற்கும், என் கைக்கு 83.90-க்குப் பதில் 82.50 வரும்.

வியாபாரிகளுக்கு மொத்தமாக விற்பவர்கள் வரி சேர்க்காத முறையிலேயே இருக்கலாம். வாங்கும் வியாபாரிகள் வரியைத் திரும்பப் பெறுவார்கள், வரியில்லாத விலையை வைத்துத்தான் பேரம் பேசுவார்கள், 297.01 என்றால் அசைய மாட்டார்கள். அந்தப் பக்கம் எனக்கு வந்தது நாலைந்து ஆர்டர்தான், அனுபவம் என்று சொல்ல முடியாது.

எந்த முறையில் இருந்தாலும் ரீஃபண்டில் ஒரு பள்ளம் உண்டு. வரி சேர்த்தே யோசித்துப் பழகிய கை அதில் எளிதாக விழும். மூன்றில் ஒரு நோட்டு திரும்பி வந்தது. ஆர்டரைத் திறந்து தொகைப் பெட்டியில் 99 என்று அடித்தேன். அந்தப் பெட்டி வரியில்லாத தொகைக்கானது, வரிக்குப் பக்கத்திலேயே தனிப் பெட்டி இருக்கிறது. வாங்கியவருக்கு 99 சரியாகப் போய்விட்டது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பதிவில் திரும்பிய வரி பூஜ்யம், விற்காத நோட்டுக்கு நான் வரி கட்டவிருந்தேன். தொகையை அடிக்காமல் எண்ணிக்கையில் 1 என்று போட்டால் 83.90, 15.10 என இரண்டு பெட்டியும் தானே நிரம்பும்.

இதைக் கண்டுபிடித்தது மாத இறுதியில். ஒரே விகிதக் கடையில் ரீஃபண்ட் போக மீதி மொத்த விற்பனையை 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்தால், அறிக்கையில் உள்ள வரியோடு சில காசு வித்தியாசத்தில் ஒத்துப்போக வேண்டும். அந்த மாதம் வித்தியாசம் 15.10. அந்த எண்ணைப் பார்த்ததுமே ஒரு நோட்டு என்று புரிந்துவிட்டது. பழைய இன்வாய்ஸைத் திருத்தவில்லை. அதன் எண்ணைக் குறிப்பிட்டு வரியைப் பிரித்துக் காட்டும் கிரெடிட் நோட் ஒன்று போட்டேன்.

இப்போதெல்லாம் அமைப்பில் எதைத் தொட்டாலும் ஒரு சோதனை ஆர்டர் போடுகிறேன். மூன்று நோட்டு, ஒரு ஷிப்பிங். இன்வாய்ஸில் அடிப்படை 336.44, வரி 60.56, மொத்தம் 397.00 என்று வர வேண்டும். 397.01 வந்தால் நேராக ஷிப்பிங் பெட்டிக்குப் போவேன். அங்கே யாரோ, அதாவது நான்தான், 84.75 என்று போட்டு வைத்திருப்பேன்.