"பால்கனிக்கு ஏற்ற டிவி" என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

கூரை போட்ட பால்கனியில் மாட்டுவதற்கு டிவி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வீட்டுக்குள் வைக்கும் சாதாரண டிவியைப் பால்கனிக்கென்றே வந்தது என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

மாலையில் பால்கனியில் காற்றாட உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்பது என் மாமனாரின் ஆசை. எங்கள் வீடு சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம். பால்கனி மேற்கு பார்த்தது, எதிரே விரைவுச்சாலை. வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் எழுதி, படமும் எடுத்து விற்பனையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டேன். "கூரை இருக்கிறதே அக்கா, மழை படாது. ஈரம் தாங்கும் பூச்சும் இதில் உண்டு. தைரியமாக மாட்டலாம்" என்று பதில் வந்தது. அதை நம்பி, மாட்டும் கூலியோடு 2,300 வெள்ளி கொடுத்தோம்.

வெளிச்சப் பிரச்சினை அன்றே தெரிந்துவிட்டது. நான்கு மணி வெயில் பால்கனித் தரையில் விழுந்தவுடன், திரையில் ஆட்டத்தைவிட மாமனாரின் முகமும் எதிர்க் கட்டடமும்தான் நன்றாகத் தெரிந்தன. சாதாரண டிவிகள் பெரும்பாலும் 300, 400 நிட்ஸ் வெளிச்சம்தான் தரும். நல்ல நிழலுள்ள பால்கனிக்கே 700 நிட்ஸ் அளவாவது வேண்டும். சாய்வெயில் வரும் இடமென்றால் ஆயிரத்துக்கு மேல். கடையில் விளக்கைக் குறைத்து, படத்தைப் பளிச்சென்று வைத்துக் காட்டியபோது இந்தக் குறை தெரியவே இல்லை. வாங்குவதற்கு முன் நிட்ஸ் எவ்வளவு என்று எண்ணாகவே கேளுங்கள். "நல்ல பிரகாசம்" என்பது பதிலே அல்ல.

ஈரம் செய்த வேலை மெதுவாக வெளிப்பட்டது. ஆறு மாதம் முடிவதற்குள் திரையின் இடது ஓரத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று வந்தது. சில நாளில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று. பழுதுபார்க்க வந்தவர் பின்மூடியைக் கழற்றி எங்களிடம் காட்டினார். காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே, மின்பலகை முழுவதும் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான தூசு. திரைக்குப் போகும் தட்டைக் கம்பி செருகும் இடத்தில், வரிசையான சின்னஞ்சிறு முனைகளில் மூன்று நான்கு பச்சை பூத்திருந்தன. பூச்சு என்று எதுவுமே அந்தப் பலகையில் இல்லை.

அவர் விளக்கியது இதுதான். சாலையிலிருந்து வரும் தூசும் புகைமூட்ட காலத்துத் துகளும் வெறும் மண் அல்ல. அவற்றில் உப்புகள் உண்டு. அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிவிடும். மழைத்துளி ஒன்றுகூட உள்ளே போக வேண்டியதில்லை. பல டிவிகளின் கையேட்டில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றிருக்கும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரியே 80க்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டுவது சாதாரணம். குளிர்சாதனம் ஓடும் அறையின் கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதவைத் திறந்து வைத்தால் குளிர்காற்று டிவியின் மேல் பட்டு, அங்கும் அதே வியர்வைதான்.

உறையும் எங்களுக்கு விற்றார்கள். அது தூசைத் தடுத்தது உண்மை. ஆனால் சாரல் அடித்த இரவுக்குப் பின் உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடவில்லை.

கடையில் கேட்டபோது, வெளியிடத்தில் பயன்படுத்தியதால் உத்தரவாதம் செல்லாது என்று கைவிரித்தார்கள். மாட்டலாம் என்று எழுதிக் கொடுத்ததே அவர்கள்தான்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எதற்காக வாங்குகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி வாங்கிய பொருள் அதற்கு உதவாவிட்டால், விற்றவர் பொறுப்பு என்பது இங்குள்ள சட்டம். வாங்கி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பாடு. அந்த வாட்ஸ்அப் பதிலை அச்செடுத்துக்கொண்டு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டோம். பேச்சுவார்த்தையிலேயே 1,500 வெள்ளியைத் திருப்பித் தந்தார்கள். உறைக்கும் மாட்டும் கூலிக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பால்கனியில் நிரந்தரமாக வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள், வெளியிடத்துக்கென்றே தயாரித்த டிவியைக் கேளுங்கள். விலை பல மடங்கு இருக்கும். தூசையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் IP55 போன்ற தரக்குறியீடு பெட்டியிலும் கையேட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். "கூரையுள்ள பால்கனியில் பயன்படுத்த" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். நாங்கள் இப்போது சின்ன டிவி ஒன்றைச் சக்கர மேசையில் வைத்து, வெயில் இறங்கிய பின் வெளியே தள்ளிக்கொள்கிறோம். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்தால் உடனே போடாமல், ஒரு மணி நேரமாவது அணைத்தே வைத்துவிட்டுப் பிறகு போடுகிறோம்.