வெறும் தெர்மோகப்பிளும் கூடு போட்ட புரோபும்: காற்றுத் தாரையில் ஆறு வருட அனுபவம்

எங்கள் ஆய்வகத்தில் கம்ப்ரசர் காற்று ஒரு பெரிய தொட்டிக்குள் வந்து அமைதியாகி, பிறகு நாசில் வழியாக நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வெளியே பாயும். அந்தத் தாரையின் வெப்பநிலையைப் பார்க்க ஆறு வருடங்களாக இரண்டு கே வகை தெர்மோகப்பிள்களை வைத்திருக்கிறேன். ஒன்று வெறும் மணி முனை. இன்னொன்று உலோகக் கூட்டுக்குள் இருக்கும் புரோப். முதலில் வாங்கியது வெறும் முனைதான், விலை குறைவு என்பதால்.

தொட்டிக்குள் 30 டிகிரி. தாரைக்குக் குறுக்கே அந்த வெறும் முனைக் கம்பியை நீட்டினால் 23.6 காட்டியது. காற்று விரிந்து குளிர்கிறது, இதுதான் தாரையின் வெப்பநிலை என்று எழுதிவைத்தேன். அதோடு வேகத்தால் வரும் ஏற்றத்தைக் கூட்டினால், காற்று முழுதாக நின்றால் அடையும் தேக்க வெப்பநிலை வர வேண்டும் அல்லவா? வேகத்தின் வர்க்கத்தைக் காற்றின் தன்வெப்பத்தின் இருமடங்கால் வகுக்கும் V²/2cp போட்டால் 200 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டிகிரி. கூட்டினால் 43.6. தொட்டியில் இருப்பதே 30 தான்! காற்றுக்கு யாரும் வெப்பம் கொடுக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது: கம்பி காட்டியது தாரையின் வெப்பநிலையே இல்லை.

தாரையின் உண்மையான வெப்பநிலை 30-இலிருந்து 20 குறைந்து 10 டிகிரி. காற்றோடு சேர்ந்து மிதந்து போகிறவனுக்குத்தான் அந்த 10 தெரியும். குறுக்கே அசையாமல் நிற்கும் எந்தப் பரப்பிலும் காற்று உராய்ந்து நின்று, இழந்த வேகத்தில் ஒரு பங்கை வெப்பமாகத் திருப்பித் தருகிறது. எவ்வளவு பங்கு திரும்பியது என்பதுதான் மீட்புக் காரணி:

```
r = (Tr - T) / (T0 - T)
```

இதில் Tr என்பது முனை காட்டுவது, T தாரையின் உண்மையான வெப்பநிலை, T0 தேக்க வெப்பநிலை. என் கம்பிக்கு 13.6-ஐ 20-ஆல் வகுத்தால் 0.68. குறுக்காக வைத்த வெறும் கம்பிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பும் இதுவே. கம்பியின் முன்பக்கம் கிட்டத்தட்ட முழுத் தேக்கத்தையும் பார்க்கிறது. பக்கவாட்டும் பின்பக்கமும் குளிராகவே இருக்கின்றன. மணி முனை காட்டுவது இவற்றின் சராசரி. அதே கம்பியை வளைத்துத் தாரையின் திசையிலேயே படுக்க வைத்தேன், 27.2-க்கு ஏறிவிட்டது. காற்று மாறவில்லை, கம்பி திரும்பியதற்கே மூன்றரை டிகிரி.

இரண்டாம் வருடம் கூடு போட்ட புரோப் வந்தது. குழாயின் வாய் காற்றைப் பார்த்திருக்கும். பின்புறம் சிறு துளைகள். உள்ளே வரும் காற்று வேகம் தணிந்து, முனையைத் தொட்டு, துளை வழியே மெதுவாக வெளியேறும். இது 29.6 காட்டியது, அதாவது 0.98. நான்கு வருடம் திருப்தியாக ஓடியது. ஒரே புகார், கம்ப்ரசர் எண்ணெயும் தூசியும் சேர்ந்து துளைகளை அடைத்துவிடும். அடைத்தால் உள்ளே காற்று தேங்கி நின்றுவிடும். முனை தன் தண்டின் வெப்பநிலையைத்தான் பிடித்துக்கொள்ளும். எண் சரியாக இருப்பது போலவே தோன்றும். தாரையைத் திறந்ததும் அளவு நிலைக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பேன். வழக்கத்தைவிட இழுத்தால் துளையில் கை வைக்க வேண்டிய நேரம். மெல்லிய கம்பியால் குத்தலாம், ஆனால் துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது. உள்ளே வேகம் கூடி, காரணி இறங்கிவிடும்.

இந்த அளவுகளை எடுக்க ஒரு விஷயம் அவசியம். கே வகை கம்பிகளுக்குள்ளேயே ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும். அதனால் தொட்டி முனையையும் தாரை முனையையும் முதலில் ஒரே தண்ணீரில் முக்கி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்துவிடுவேன்.

நல்ல அடி வாங்கியது மூன்றாம் வருடம், அதே தாரையில் வைத்த ஹீட்டர் ஒட்டிய தட்டில். தட்டை 35 டிகிரியில் வைத்து, காற்று 30 என்று எடுத்து, 5 டிகிரி வித்தியாசத்தில் வெப்பப் பரிமாற்றக் கெழு கணக்கிட்டேன். புத்தக மதிப்பைவிட மிக அதிகம். ஹீட்டர் மீட்டரைச் சந்தேகித்து ஒரு வாரம் வீணாயிற்று. உண்மையில் கொந்தளிப்பான ஓட்டத்தில் தட்டையான பரப்பின் காரணி சுமார் 0.89. காற்றில் பரப்பை ஒட்டி உண்டாகும் வெப்பம், உந்தத்தைவிடச் சற்று வேகமாக வெளியே கசிந்துவிடுவதால் முழு 1 வருவதில்லை. ஹீட்டர் இல்லாமலே அந்தத் தட்டு நிற்கும் வெப்பநிலை 10 + 0.89 × 20 = 27.8. வித்தியாசம் 5 அல்ல, 7.2. கெழுவை 44 சதவீதம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்! இன்னும் வேடிக்கை, 29 டிகிரியில் இருக்கும் தட்டு 30 டிகிரி தொட்டிக் காற்றுக்கு வெப்பம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இப்போதெல்லாம் ஹீட்டரைப் போடும் முன் காற்றை மட்டும் ஓடவிடுகிறேன். அக்ரிலிக் தட்டு என்பதால் நிலைக்க இருபது நிமிடமாவது ஆகும். அது தானாக எங்கே நிற்கிறதோ, அந்த எண்ணைத்தான் அன்றைய கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன்.