வெளிவந்த எழுத்து ஒன்றும் இல்லையென்றால் முதல் சாம்பிளை எதில் எழுதுவது?

போன மாதம் மல்லாவியிலிருந்து ஒரு தங்கச்சி என்னைப் பார்க்க கிளிநொச்சிக்கு வந்திருந்தாள். ஏ.எல். முடித்தவள், ஆங்கிலம் நன்றாக எழுதுவாள். சின்னச் சின்ன வெளிநாட்டு இணையதளங்களுக்குக் கொன்டென்ட் எழுத விருப்பம். நாலைந்து இடத்துக்கு மெயில் போட்டும் இருக்கிறாள். "அக்கா, எல்லாரும் சாம்பிள் அனுப்பு எண்டுதான் கேக்கினம். என்ரை பேரிலை ஒண்டும் வெளிவரேல்லை. எதை அனுப்புறது?" என்றாள்.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கலாம். இல்லாத ஒரு நிறுவனத்துக்குக் கற்பனையாக ஒரு பக்கம் எழுதலாம். அல்லது நம்மூரிலேயே இருக்கிற ஒரு சின்னத் தொழிலுக்கு உண்மையான பக்கம் ஒன்றை எழுதிக் கொடுக்கலாம். மூன்றையும் செய்து பார்த்தவள் என்பதால், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

அவள் வலைப்பூவைத்தான் தொடங்கியிருந்தாள். பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள். வேர்ட்பிரஸ் இலவசக் கணக்கில் இரண்டு பதிவு. ஒன்று நேர முகாமைத்துவம் பற்றி, மற்றது தேநீரின் நன்மைகள் பற்றி. ஆங்கிலம் பிழையில்லை. ஆனால் குளியலறை திருத்துகிறவரோ ஒரு சின்ன விடுதி நடத்துகிறவரோ அதை வாசித்தால், தனக்கு வேண்டிய பக்கத்தை இவள் எழுதுவாளா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு வேண்டியது கட்டுரை அல்ல, வாடிக்கையாளரைப் போன் எடுக்க வைக்கிற ஒரு சேவைப் பக்கம். அதோடு வலைப்பூவில் திகதி தெரியும். கடைசிப் பதிவு ஐந்து மாதத்துக்கு முந்தியது என்றால், தொடங்கியதை விட்டுவிடுகிறவள் என்ற எண்ணம் அங்கேயே வந்துவிடும். இலவசக் கணக்கென்றால் நடுவில் யாருடையதோ விளம்பரமும் வந்து நிற்கும். ஒரே துறையைப் பற்றி, உதாரணமாக நெல் விதைப்பையோ பனை உற்பத்தியையோ பற்றித் தொடர்ந்து எழுதப் போகிறவர்களுக்கு வலைப்பூ நல்லதுதான். முதல் வேலை தேடுகிறவருக்கு அது அவ்வளவு உதவாது.

கற்பனைப் பக்கம் அதைவிட மேல். எந்த மாதிரி வேலை வேண்டுமோ அதே மாதிரிப் பக்கத்தையே எழுதிக் காட்டலாம். மெல்பேர்னில் ஒரு பிளம்பருக்கு எழுத ஆசையா, பிளம்பர் பக்கமே எழுதுங்கள். ஒரு பெயர் வைத்து, ஐந்நூறு அறுநூறு சொல்லில், இரண்டு நாளில் முடிக்கலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. மேலே, இது கற்பனை நிறுவனத்துக்கு எழுதிய மாதிரி என்று ஒரு வரி கட்டாயம் போட வேண்டும். போடாமல் விட்டால் செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டுவது போலாகிவிடும். உண்மையில் இருக்கிற நிறுவனத்தின் பெயரையும் பாவிக்கக் கூடாது, வாடிக்கையாளர் சொன்னதாகப் பாராட்டுகளை இட்டுக்கட்டவும் கூடாது.

இதில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் பார்க்காத, பாவிக்காத பொருளைப் பற்றி எழுதுகிறோம். நான் முதன்முதலில் எழுதிய கற்பனைப் பக்கம் அவுஸ்திரேலியாவில் சுடுதண்ணீர்ச் சாதனம் திருத்துகிற ஒருவருக்கானது. பக்கம் முழுக்க 'வோட்டர் ஹீட்டர்' என்றே எழுதியிருந்தேன். அது அமெரிக்கர் சொல்கிற சொல். அவுஸ்திரேலியாவில் அதை 'ஹொட் வோட்டர் சிஸ்டம்' என்பார்கள், அப்படித்தான் கூகுளிலும் தேடுவார்கள். தண்ணீர்க் குழாய்க்கு அமெரிக்கர் சொல்கிற 'ஃபோசெட்'டையும் போட்டிருந்தேன், அவர்களுக்கு அது 'டப்'. இந்த ஊரை அறியாதவர் எழுதியது என்று அங்கே இருப்பவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அதனால் கற்பனைப் பக்கம் எழுத முன், அதே நகரத்தில் அதே தொழில் செய்கிற மூன்று பேருக்குக் கூகுள் மப்பில் வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகளை இருந்து வாசியுங்கள். மக்கள் எந்தச் சொல் பாவிக்கிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள், எதற்கு நன்றி சொல்கிறார்கள் என்பது அங்கே இருக்கிறது. எழுதி முடித்ததும் நிறுவனத்தின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பக்கம் வேறு எந்த பிளம்பருக்கும் அப்படியே பொருந்தினால் அதில் சரக்கு இல்லை.

சரி, இப்போது நான் முதலில் செய்யச் சொல்கிற வழிக்கு வருகிறேன்.

இரணைமடுப் பக்கம் ஒரு அண்ணை தன் வீட்டோடு சேர்த்து மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். பேஸ்புக் பக்கம் மட்டும் வைத்திருந்தார். அதில் இருந்த ஆங்கிலம், அழகும் அமைதியும் நிறைந்த சூழலில் அமைந்துள்ளோம், 'ஹோம்லி ஃபுட்' கிடைக்கும், ஒருமுறை வாருங்கள் என்ற மாதிரி. இலங்கையில் விடுதி நடத்துகிற பலர் எழுதுகிற அதே வரிகள். அந்த 'ஹோம்லி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நாங்கள் வீட்டுச் சாப்பாடு என்ற பொருளில் எழுதுகிறோம். அமெரிக்கர் ஒருவரின் காதில் அது அழகில்லாத, கவர்ச்சியில்லாத என்ற பொருளில்தான் விழும். 'ஹோம் குக்ட்' என்று மாற்றினால் எந்த நாட்டவருக்கும் பிழையில்லை.

நான் அவரிடம் போய்க் காசு வேண்டாம், ஒரு பக்கம் எழுதித் தருகிறேன் என்றேன். பதிலுக்கு மூன்று விடயம் கேட்டேன். எழுதியதைப் பிறருக்குக் காட்ட அனுமதி, வேலை எப்படியிருந்தது என்று அவர் பெயரோடு இரண்டு வரி, அப்புறம் ஒரு மணி நேரம் இருந்து கதைக்க வேண்டும். ஒரு பக்கம்தான், இரண்டு தரம்தான் திருத்துவேன் என்பதையும் முதலிலேயே சொன்னேன். எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவர் 'ஓம்' போட்ட பிறகுதான் தொடங்கினேன். இலவசமாகச் செய்கிற வேலைக்குத்தான் எல்லை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மெனு அட்டை, பெயர்ப்பலகை என்று நீண்டுகொண்டே போகும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, போன் எடுக்கிறவை முதல் என்னத்தைக் கேக்கினம்?" அவர் யோசிக்கவே இல்லை. ரயிலால் இறங்கினால் ஸ்டேசனுக்கு ஓட்டோ வருமா, கரண்ட் போனால் மின்விசிறி சுத்துமா, பிள்ளையைக் குளிக்க வார்க்கச் சுடுதண்ணி இருக்கா, இரவு பிந்தி வந்தால் சாப்பாடு கிடைக்குமா. வருகிறவர்களில் கூடப்பேர் பறவை பார்க்க வருகிற வெளிநாட்டவர் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ, கூடுதலாக வருவது கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரரைப் பார்க்க வருகிற எங்கள் ஆட்கள், சொந்தக்காரர் வீட்டில் இடம் காணாததால் இங்கே தங்குகிறார்கள் என்றார். இங்கே பிறந்து வளராத அவர்களுடைய பிள்ளைகள்தான் ஆங்கிலத்தில் தேடி அறை பதிகிறார்களாம். பக்கத்தின் முகமே அதோடு மாறிவிட்டது. அழகும் அமைதியும் கீழே போயின. மூன்று அறை, குடும்பத்தோடு தங்கலாம், கிளிநொச்சி ஸ்டேசனுக்கு ஓட்டோ அனுப்புவோம், கரண்ட் போனாலும் மின்விசிறியும் லைட்டும் வேலை செய்யும் என்பவை முதல் நான்கு வரியில் வந்தன.

ஒரு பிழையும் விட்டேன். சுண்டிக்குளத்தில் பூநாரைக் கூட்டம் பார்க்கலாம் என்று எழுதியதில் காலத்தைக் குறிப்பிடவில்லை. அண்ணை வாசித்துவிட்டு, "பிள்ளை, ஓகஸ்ட்டிலை வந்திட்டு எங்கை பறவை எண்டு என்னையெல்லோ கேப்பினம்" என்றார். வலசை வருகிற மாதங்களுக்குரியது என்று திருத்தினேன். கற்பனைப் பக்கத்தில் இந்தப் பிழை அப்படியே இருந்திருக்கும், ஏனென்றால் திருத்த அங்கே ஒருவரும் இல்லை. உள்ளூர்ப் பக்கத்தை நான் முன்னுக்கு வைப்பதற்கு இதுதான் காரணம். கேட்டு எழுதியது, சரிபார்த்தது, திருத்தியது எல்லாம் எழுத்திலேயே தெரியும். வேலை தருகிறவர் தேடுவதும் அதைத்தான். எங்கே வெளிவந்தது என்று என்னிடம் கேட்டவர்கள் மிகக் குறைவு.

இதிலும் குறை இருக்கிறது. பெரிய குறை, பக்கம் வெளிவராமலே போகலாம். அண்ணையின் மருமகன் இணையதளம் செய்து தருவதாகச் சொல்லி மூன்று மாதம் இழுத்தார். நான் காத்திருக்கவில்லை. பழைய பேஸ்புக் வரிகளை மேலேயும் என் பக்கத்தைக் கீழேயும் வைத்து ஒரே கூகுள் டொக்கில் போட்டேன். முன்பு எப்படி, பின்பு எப்படி என்று ஒரே பார்வையில் தெரிந்தது. வெளிவந்த லிங்க்கைவிட அதுவே எனக்குக் கூட உதவியது. பிறகு தளம் வந்ததும் திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்து வைத்தேன். சின்னத் தளங்கள் வருடக் கட்டணம் கட்டாமல் ஒரு நாள் காணாமல் போய்விடும், அப்போது லிங்க்கை நம்பினால் கையில் ஒன்றும் இராது. இன்னொரு குறை, விடுதிப் பக்கத்தைப் பார்த்து ஒரு பிளம்பர் வேலை தருவாரா என்பது. அங்கேதான் கற்பனைப் பக்கம் கைகொடுக்கும். அதனால் உள்ளூர்ப் பக்கம் ஒன்று, தேடுகிற துறைக்குக் கற்பனைப் பக்கம் ஒன்றோ இரண்டோ, இந்த ஒழுங்கில் வையுங்கள். மூன்று போதும்.

நாலாவது வழி என்று சிலர் நினைப்பது, கட்டுரைக்குச் சில்லறைக் காசு தருகிற இடங்களிலும் 'டெஸ்ட்' கேட்கிற இடங்களிலும் எழுதிச் சேர்ப்பது. அங்கே எழுதுவது பெரும்பாலும் வேறொருவர் பெயரில்தான் வரும், அனுமதியில்லாமல் உங்களுடையது என்று காட்டவும் முடியாது. ஆயிரத்து இருநூறு சொல்லில் இலவச டெஸ்ட் கேட்ட ஓரிடத்துக்கு நான் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அது வேறு பெயரில் ஒரு தளத்தில் கிடந்தது. இருநூறு முந்நூறு சொல்லுக்கு மேல் கேட்டால் காசு கேளுங்கள்.

அனுப்புகிற விதத்திலும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கச்சியின் மெயில்கள் அதில்தான் கெட்டிருந்தன. தன் எழுத்தைப் போட்ட கூகுள் டொக்கின் லிங்க்கை அனுப்பியவள் பகிர்வு அமைப்பை மாற்றவில்லை. திறந்தவர்களுக்கு அவள் எழுத்துக்குப் பதிலாக Request access என்ற பக்கம்தான் வந்திருக்கும். அதை அழுத்திவிட்டுக் காத்திருக்க ஒருவருக்கும் நேரமில்லை. Share போய் Anyone with the link, அதில் Viewer என்று வைக்க வேண்டும். பிறகு உங்கள் கணக்கில் நுழையாத இன்னொரு போனில் திறந்து பார்க்க வேண்டும். என் போனில் அவளுடைய லிங்க்கைத் திறந்து காட்டியபோது அவள் முகம் வாடிவிட்டது. அந்த நாலைந்து இடமும் அவளை நிராகரிக்கவில்லை, வாசிக்கவே இல்லை.

ஒவ்வொரு சாம்பிளின் தலையிலும் மூன்று வரி எழுதச் சொன்னேன்: யாருக்காக எழுதியது, வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியது, உண்மையா கற்பனையா. மல்லாவியில் அவளுடைய மாமி ஒடியலும் பனங்கட்டியும் செய்து கொழும்புக் கடைகளுக்கு அனுப்புகிறா. போன் எடுக்கிற கடைக்காரர் முதலில் என்ன கேட்பார்கள் என்று மாமியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பின்னேர பஸ்ஸில் போனாள்.