"அழுத்தவும்" எழுதுவதா, "அழுத்துங்கள்" எழுதுவதா?

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றின் தமிழ் உதவிக் குறிப்புகளை எழுதுவது என் வேலை. நான்கு ஆண்டுகள் எல்லாப் படிகளையும் "அழுத்தவும், திறக்கவும்" என்று எழுதிவந்தோம். போன வருடம் மொத்தத்தையும் "அழுத்துங்கள், திறங்கள்" என்று மாற்றினோம். மாற்றியதில் எனக்கு மனநிறைவுதான்.

"அழுத்துக" பாடப்புத்தக வாடை அடித்ததால் அதைச் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம். "அழுத்து" என்ற வெறும் ஏவல் பொத்தானுக்குப் பொருந்தும். அங்கே பயனர் இயந்திரத்துக்கு ஆணையிடுகிறார். "சேமி", "நீக்கு" என்றிருப்பது சரிதான். குறிப்பில் ஆணையிடுவது நாம், கேட்பது அறுபது வயதுக் கடைக்காரர். அவரிடம் "அழுத்து" என்பதையாவது சுருக்கம் என்று சமாளிக்கலாம். எச்சரிக்கை வரும் இடத்தில் "அணைக்காதே" என்று எழுத முடியுமா?

மிஞ்சியவை இரண்டு. "-வும்" வடிவத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு: செய்ய, திறக்க, சேமிக்க என எந்த வினையோடும் "உம்" சேர்த்தால் போதும், யோசிக்கவே வேண்டாம். "-உங்கள்" அப்படியில்லை. "திறங்கள்" என்பதா "திறவுங்கள்" என்பதா என்று எங்களுக்குள் அரைநாள் விவாதம் நடந்தது. கடைசியில் ஒன்றைத் தேர்ந்து சொற்பட்டியலில் எழுதிவைத்தோம்.

இருந்தும் "-வும்" தோற்றது அந்த "உம்"மால்தான். எங்கள் பழைய குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "தரவை நகலெடுக்கவும் மீட்டெடுக்கவும் 'கருவிகள்' மெனுவைத் திறக்கவும்." எழுதியவர் நினைத்தது ஒரே ஒரு செயல், மெனுவைத் திறப்பது. முதல் இரண்டும் எதற்காக என்பதைச் சொல்பவை. ஒரு கடைக்காரர் போனில் கேட்டார்: "தம்பி, நகலெடுக்க எங்க அழுத்தணும்? மெனுவைத் திறக்கறது அப்புறம்தானே வருது?" அவர் மூன்றையும் கட்டளையாகப் படித்திருக்கிறார். எழுத்தில் மூன்றும் ஒன்றுதான். அவர் மேல் தவறே இல்லை. "திறங்கள்" என்று முடிந்திருந்தால் எது கட்டளை, எது நோக்கம் என்பது வரியிலேயே தெரிந்திருக்கும்.

எதிர்மறையிலும் இதே கதை. "-வும்" எழுதுகிறவர் கை தானாக "அணைக்க வேண்டாம்" என்று போகும். அதைத் தடை என்று படிப்பவரும் உண்டு, "அணைக்கத் தேவையில்லை" என்று எடுத்துக்கொள்பவரும் உண்டு. "அணைக்காதீர்கள்" என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

இன்னொரு பொறி, எந்த வடிவத்தை எடுத்தாலும் இருப்பது. தமிழில் வினை கடைசியில் வருவதால் "மூடிவிட்டு, திறந்து, தேர்ந்தெடுத்து" என்று மூன்று செயல்களை ஒரே எண்ணுக்குள் கோத்துவிட முடிகிறது. படிக்க ஓட்டமாக இருக்கும். ஆனால் திரையையும் தாளையும் மாறிமாறிப் பார்ப்பவர் பாதி வரியில் தொலைந்துபோவார். திரை மாறினால் புது எண் என்று வைத்துக்கொண்டோம். மீட்டெடுக்கும் குறிப்பு இப்படி ஆனது:

1. எல்லாக் கணினிகளிலும் மென்பொருளை மூடுங்கள்.
2. சர்வரில் மட்டும் மென்பொருளைத் திறங்கள்.
3. 'கருவிகள்' மெனுவில் 'மீட்டெடு' என்பதை அழுத்துங்கள்.
4. பட்டியலில் நேற்றைய தேதியுள்ள கோப்பைத் தேர்ந்தெடுங்கள்.
5. அடுத்த படி முடியும்வரை கணினியை அணைக்காதீர்கள்.
6. 'சரி' என்பதை அழுத்துங்கள்.

எச்சரிக்கை ஐந்தாவதாக, செயலுக்கு முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். முன்பு அது கடைசியில் இருந்தது; அதைப் படிக்கும் நேரத்தில் 'சரி' அழுத்தியாகிவிட்டிருக்கும். எங்கே என்பது முன்னால், என்ன செய்வது என்பது கடைசியில் என்ற வரிசையும் எல்லாப் படியிலும் ஒன்றே. போன மாதம் 'கருவிகள்' மெனுவின் பெயர் மாறியபோது மூன்றாவது வரியை மட்டும் தொட்டால் போதுமானதாக இருந்தது. பழைய நீள வாக்கியமாக இருந்திருந்தால் எச்சங்களையெல்லாம் மறுபடி கோக்க வேண்டியிருக்கும்.

ஆறு பேர் எழுதும் கோப்பில் பழைய வழக்கம் திரும்ப நுழைந்துவிடும். அதனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் இதை ஓட்டுகிறோம்:

```
grep -nE '^[0-9]+\.' udhavi.md | grep -vE '(ங்கள்|தீர்கள்)\.$'
```

எண்ணிட்ட வரிகளில் இந்த இரண்டு முடிவும் இல்லாதவற்றை மட்டும் காட்டும். "படங்கள்." என்று பெயர்ச்சொல்லில் முடியும் வரி இதன் கண்ணில் படாது, அதைக் கண்ணால்தான் பார்க்கிறோம்.

நான் பார்த்ததெல்லாம் கணினி முன் உட்கார்ந்து படிக்கும் கடைக்காரர்களை. கைப்பேசியின் குறுகிய திரைக்கு நான் அதிகம் எழுதியதில்லை. அரசுப் படிவங்களில் "நிரப்பவும்" எல்லாருக்கும் பழகிப்போனது. ஒற்றை வரிக் குறிப்பில் அது குழப்புவதில்லை, அங்கே மாற்றச் சொல்லமாட்டேன். மூன்று படிக்கு மேல் போகும் எதற்கும் "அழுத்துங்கள்" பக்கம்தான் நான்.