ஒன்பது இஞ்ச் சுவர் என்று கட்டித் தந்த இரண்டு நாலரை இஞ்ச் சுவர்கள்

தஞ்சாவூர் பக்கம் எங்கள் பழைய வீட்டின் பின்னால் அம்மாவுக்காக இரண்டு அறை கட்டினோம். தூண் கிடையாது, சுவர் மேலேயே தளம். சுவருக்குப் பத்தடி உயரம். பொருளும் கூலியும் சேர்த்து ஒரே ஆளிடம் ஒப்படைத்தேன். ஒப்பந்தத்தில் "9 இஞ்ச் செங்கல் சுவர், 1:6 கலவை" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வரி போதும் என்று நினைத்ததுதான் என் தப்பு.

பூச்சு முடிந்து ஒரு வருஷம் போல ஆனதும், கிழக்கு ஜன்னலின் பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. கம்பி பதித்த அந்த ஒன்பது இஞ்ச் அகல முகத்தில், அடிக்கட்டையிலிருந்து லிண்டல் வரை செங்குத்தாக, கிட்டத்தட்ட நட்டநடுவில் ஓடியது. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பூச்சு காயும்போது வர்றதுதான் சார், பட்டி வெச்சா போயிடும்" என்றார். பட்டி வைத்தார். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் அதே கோடு. இந்தத் தடவை கதவு நிலைக்குப் பக்கத்திலும் ஒன்று.

எங்கள் தெருவில் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்தார். சுத்தியலின் பின்பக்கத்தால் சுவரில் அங்கங்கே தட்டினார். சில இடங்களில் சத்தம் பொக்கையாக வந்தது. "பூச்சு காய்ஞ்ச விரிசல்னா கோணல்மாணலா, வலை மாதிரி வரும் தம்பி. இப்படி நடுவுல நூல் பிடிச்ச மாதிரி வராது. உடைச்சுப் பார்ப்போமா?" என்றார்.

ஜன்னலுக்குக் கீழே ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பூச்சைத் தட்டிவிட்டுக் கல்லைப் பெயர்த்தோம். முதல் வரி எடுத்ததுமே கதை விளங்கிவிட்டது.

ஒன்பது இஞ்ச் சுவரை இங்கிலீஷ் பாண்ட் முறையில் கட்டும்போது ஒரு வரியில் கற்கள் நீளவாக்கில், இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கும். அது ஸ்ட்ரெச்சர் வரி. அதற்கு மேல் வரியில் ஒவ்வொரு கல்லும் குறுக்கே, சுவரின் முழுத் தடிமனுக்கும் கிடக்கும். அது ஹெடர் வரி. கீழ் வரியில் நடுவில் ஓடும் இணைப்பை மேல் வரியின் குறுக்குக் கல் மூடிக்கொண்டு, உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்து வைக்கும்.

என் சுவரிலும் வெளியிலிருந்து பார்த்தால் ஹெடர் வரி இருந்தது. ஒரு வரி விட்டு ஒரு வரி ஒழுங்காகக் குட்டை முகம் தெரிந்தது. ஆனால் உருவிப் பார்த்தால் ஒவ்வொன்றும் நாலரை இஞ்ச் அரைக்கல். வெளிப்பக்கம் ஓர் அரைக்கல், உள்பக்கம் ஓர் அரைக்கல், நடுவில் கலவை போடாத அரை இஞ்ச் இடைவெளி. மேலிருந்து ஒரு ஹாக்சா பிளேடை விட்டேன், தடையே இல்லாமல் உள்ளே போனது. சுவரைக் குறுக்கே தாண்டிய முழுக்கல் அந்த ஒன்றரை அடியில் ஒன்றுகூட இல்லை. ஆக, முகத்துக்கு மட்டும் இங்கிலீஷ் பாண்ட். உள்ளுக்குள் ஒட்டாமல் நிற்கும் இரண்டு நாலரை இஞ்ச் சுவர்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வண்டியில் உடைந்து வரும் கல்லெல்லாம் இதில் செலவாகிவிடும், நடு இணைப்புக்குக் கலவையும் வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. நம்மூர்ச் சூளைக் கற்கள் நீளத்தில் ஒன்றுபோல இருப்பதில்லை. முழுக்கல்லைக் குறுக்கே வைத்தால் ஒரு பக்கம் நூலுக்குச் சரியாக நிற்கும், மறுபக்கம் உள்ளே வெளியே என்று பல்லிளிக்கும், அதைச் சரிக்கட்டப் பூச்சு தடிமனாகப் போகும். அரைக்கல் வைத்தால் இரண்டு முகமும் நூல் பிடித்தாற்போல வந்துவிடும். பார்க்கிற நாமும் "அடடா, என்ன நேர்த்தி" என்போம். நானே சொன்னேன்.

இதனால் பலம் எவ்வளவு குறைகிறது என்பதை ஓவர்சியர் இரண்டு பலகையை வைத்துச் சொன்னார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்து நடுவில் மிதித்தால் இரண்டும் தனித்தனியாக வளையும். ஆணி அடித்து ஒன்றாக்கிவிட்டால் அவ்வளவு லேசில் வளையாது. விறைப்பு, தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் ஏறும். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. பாதித் தடிமனில் இரண்டு சுவர் நின்றால் எட்டில் இரண்டு, அதாவது கால் பங்குதான்.

சுவர் எவ்வளவு ஒல்லி என்று அறிய உயரத்தைத் தடிமனால் வகுத்தும் பார்த்தார். பத்தடி என்பது 120 இஞ்ச். ஒன்பதால் வகுத்தால் சுமார் 13. நாலரையால் வகுத்தால் 27ஐ நெருங்குகிறது. தளத்தின் பிடிமானத்தைக் கணக்கில் சேர்த்தால் இரண்டுமே கொஞ்சம் குறையும். ஆனால் சிமென்ட் கலவைச் சுவருக்கு, கட்டுச்சுவர்களுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1905 கடைசி எல்லையாக வைத்திருப்பதே 27தான். இந்த எண் ஏற ஏற, அதே கல் தாங்கலாம் என்று விதி விடும் சுமையும் குறைந்துகொண்டே போகும். அதற்கு மேல், தளம் வளையும்போது உள்பக்கச் சுவர் மேல்தான் அதிகம் அழுந்துகிறது. அது சுமையில் நெளியப் பார்க்கிறது, வெளிச்சுவர் கூட வர மறுக்கிறது. ஜன்னல் பக்கவாட்டில் நான் பார்த்தது அந்தப் பிரிவைத்தான்.

ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேட்டேன். "ஒன்பது இஞ்ச் கேட்டீங்க, டேப் வெச்சு அளந்து பாருங்க, ஒன்பது இருக்கு. இங்கிலாந்துலயே இப்ப ஸ்ட்ரெச்சர்லதான் சார் கட்டுறாங்க" என்றார். அங்கே அப்படிக் கட்டுவது உண்மைதான். ஆனால் அது நடுவில் வேண்டுமென்றே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், இரண்டையும் உலோகக் கம்பிகளால் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையிலும் சுவருக்குள் வெற்றிடம் இருக்கிறது, ஆனால் குறுக்குக் கல் விடாமல் வருகிறது. வெற்றிடம் இருப்பதல்ல பிரச்சினை, குறுக்கே பிடிப்பு இல்லாததுதான். ஸ்ட்ரெச்சர் பாண்ட் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. வெறும் தடுப்பான நாலரை இஞ்ச் சுவருக்கு அதுதான் சரியான கட்டு. அங்கே குறுக்கே வைக்க இடமே இல்லையே.

கட்டும்போதே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். முகத்தைப் பார்த்துப் பயனில்லை. கதவு, ஜன்னலுக்காகச் சுவர் முடிகிற பக்கவாட்டைப் பாருங்கள். ஒரு வரியில் இரண்டு கல்லும் நடுவில் இணைப்பும் தெரியும். அதற்கு மேல் வரியில் ஒன்பது இஞ்ச் நீளத்துக்கு ஒரே கல் தெரிய வேண்டும். நடுக்கோடு எல்லா வரியிலும் விடாமல் மேலே ஏறினால் வேலையை நிறுத்திவிடுங்கள். சாரத்தில் ஏறி, அப்போதுதான் வைத்த ஹெடர் வரியை மேலிருந்து பார்த்தாலும் போதும், சுவர் நடுவில் நீளவாக்கில் கோடே இருக்கக் கூடாது. நான் போனதெல்லாம் மாலை நேரம், கீழே நின்று டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

தளத்துக்கு ஜாக்கி கொடுத்து, மூன்றடிக்கு ஒன்றாகக் கிடையிலும் இரண்டடிக்கு ஒன்றாக உயரத்திலும் சுவரில் துளை போட்டு, இரு முனையும் வளைத்த கம்பி வைத்துக் கான்கிரீட் அடைத்தோம். இடைவெளிக்குள் சிமென்ட் பால் ஊற்றினோம். முதலில் கட்டியபோதே முழுக்கல் வைத்ததற்கு இது ஈடாகாது என்று ஓவர்சியர் சொல்லிவிட்டதால், மாடியில் ஓர் அறை போடும் யோசனையைக் கைவிட்டோம். செலவில் ஒரு ரூபாய்கூட அந்த ஆள் தரவில்லை, காகிதத்தில் "9 இஞ்ச்" என்றுதானே இருக்கிறது. தங்கை வீட்டு ஒப்பந்தத்தில் "இங்கிலீஷ் பாண்ட், ஹெடர் வரியில் முழுக்கல் மட்டும், நடு இணைப்பில் கலவை நிரப்ப வேண்டும்" என்று நானே எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஜன்னல் பக்கவாட்டில் பென்சிலால் தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் போய்விட்டது, கோடு இன்னும் திரும்பவில்லை.